மூன்று பாட்டிலிலும் ஒரே வாசகம்: ‘கொலஸ்டரால் இல்லை’ என்பது எதைச் சொல்லவில்லை?

மொரீசியஸின் ரோஸ் ஹில் நகரில் நான் வழக்கமாகப் போகும் கடையில் சமையல் எண்ணெய்க்கென்று ஒரு நீளமான அடுக்கு உண்டு. சோயா எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், பாமாயில் ஆகிய மூன்றும் அங்கே பக்கம் பக்கமாக நிற்கின்றன. மூன்றின் முகப்பிலும் கொலஸ்டரால் இல்லை என்று பெரிய எழுத்தில் ஆங்கிலத்திலும், அதற்குக் கீழே பிரெஞ்சிலும் அச்சிட்டிருக்கிறார்கள். ஒன்றில் வாசகத்தின் பக்கத்தில் ஒரு சிவப்பு இதயமும் வரைந்திருக்கிறது. மூன்று வாசகங்களும் உண்மையானவை. எந்தச் சோதனைச்சாலையில் கொடுத்துச் சோதித்தாலும் பொய்க்காது. ஆனால் மாதக்கணக்கில் உண்ணும்போது இந்த மூன்று எண்ணெய்களும் இரத்தத்தில் செய்யும் வேலை ஒன்றல்ல. அந்த வேறுபாட்டை அறிய விரும்புகிறவருக்கு முகப்பிலுள்ள வாசகம் எந்த உதவியும் செய்யாது.

இதை வெறும் கருத்தாக நான் சொல்லவில்லை. மொரீசியஸில் 1987-ஆம் ஆண்டு ஒரு தேசமே தன் எண்ணெயை மாற்றியது. மாற்றத்திற்கு முன்பிருந்த எண்ணெயிலும் கொலஸ்டரால் இல்லை, பின்பு வந்த எண்ணெயிலும் இல்லை. ஆயினும் ஐந்து ஆண்டுகளில் மக்களின் இரத்தக் கொலஸ்டரால் கணிசமாகக் குறைந்தது. ‘கொலஸ்டரால் இல்லை’ என்ற வாசகத்தின் மதிப்பை எடைபோட இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை. அந்தக் கதைக்கு வருவதற்கு முன், அந்த வாசகம் ஏன் எப்போதும் உண்மையாகவே இருக்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம்.

கொலஸ்டரால் என்பது விலங்குகளின் உடல் உயிரணுக்களைக் கட்டுவதற்காகத் தானே செய்துகொள்ளும் ஒரு பொருள். இறைச்சி, முட்டை, பால், வெண்ணெய், மீன் எல்லாவற்றிலும் அது இருப்பது அதனால்தான். செடிகொடிகள் அந்த வேலைக்கு அதன் உறவுக்காரப் பொருள்களான தாவர ஸ்டெரால்களைப் பயன்படுத்துகின்றன. அவற்றில் கொலஸ்டரால் கணக்கில் கொள்ள முடியாத அளவுக்குச் சொற்பம். ஆகவே நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய், பாமாயில், வனஸ்பதி எதை எடுத்தாலும் கொலஸ்டரால் பூச்சியம்தான். அதை நீக்குவதற்கு ஆலையில் யாரும் எதுவும் செய்யவில்லை. நீக்குவதற்கு அங்கே எதுவும் இருந்ததும் இல்லை. முருங்கைக்காயை ‘எலும்பு இல்லாதது’ என்று எழுதி விற்றால் அது எவ்வளவு உண்மையோ அவ்வளவு உண்மைதான் இதுவும். பக்கத்துக் கடையின் முருங்கைக்காயிலிருந்து அது எந்த வகையிலும் வேறுபடாது.

அப்படியிருந்தும் இந்த வாசகம் நம்மிடம் ஏன் இவ்வளவு எடுபடுகிறது என்றால், அதற்குக் காரணம் நம் பேச்சு வழக்கிலேயே இருக்கிறது. இங்கே கிரியோலில் பேசினாலும் தமிழில் பேசினாலும், “எனக்குக் கொலஸ்டரால் இருக்கிறது” என்றுதான் சொல்கிறோம். சர்க்கரை, பிரஷர் என்பவற்றைப் போல அது ஒரு நோயின் பெயராகிவிட்டது. இரத்தத்தில் கொலஸ்டரால் இல்லாத மனிதர் எவரும் கிடையாது. நாம் சொல்ல வருவது அதன் அளவு கூடியிருக்கிறது என்பதை மட்டுமே. ஆனால் நோய்க்கும் பொருளுக்கும் ஒரே பெயர் அமைந்துவிட்டதால், ‘கொலஸ்டரால் இல்லை’ என்று பாட்டிலில் படிக்கிறவர் மனத்தில் ‘இதை உண்டால் அந்த நோய் இல்லை’ என்று பதிந்துவிடுகிறது. வாசகம் எண்ணெய்க்குள் என்ன இருக்கிறது என்பதைப் பற்றியது. வாங்குகிறவரின் கவலையோ தன் இரத்தத்தில் என்ன ஏறும் என்பதைப் பற்றியது. இந்த இரண்டும் வேறு வேறு கேள்விகள்.

இரண்டாவது கேள்விக்கு விடை கல்லீரலில் இருக்கிறது. இரத்தத்தில் ஓடும் கொலஸ்டராலின் பெரும்பகுதி உணவிலிருந்து வந்ததல்ல, உடல் தானே தயாரித்தது. அது தனியாக ஓடுவதில்லை. புரதமும் கொழுப்பும் சேர்ந்த சிறு உருண்டைகளில் ஏறிப் பயணம் செய்கிறது. அவற்றுள் எல்.டி.எல். எனப்படும் வகை இரத்தத்தில் மிகுந்து நெடுநாள் தங்கினால், இதயத்துக்குச் செல்லும் குழாய்களின் சுவருக்குள் புகுந்து படியத் தொடங்குகிறது. அந்த உருண்டைகளை இரத்தத்திலிருந்து பிடித்து உள்ளே இழுத்துக்கொள்வது கல்லீரல் உயிரணுக்களின் மேற்பரப்பிலுள்ள ஏற்பிகளின் வேலை. துறைமுகத்தில் கப்பல்களிலிருந்து சரக்கை இறக்கும் மேடைகளைப் போல அவற்றை நினைத்துக்கொள்ளலாம்: மேடைகள் நிறைய இருந்தால் சரக்கு விரைவாக இறங்கும், குறைந்தால் கப்பல்கள் கடலிலேயே காத்து நிற்கும். இந்த ஏற்பிகளைக் கண்டறிந்து விளக்கிய மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் ஆகிய இருவருக்கும் 1985-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

நிறைவுற்ற கொழுப்பு என்று நாம் சொல்லும் வகை உணவில் மிகுந்தால், கல்லீரலில் இந்த ஏற்பிகளின் வேலை மந்தமாகிறது, எல்.டி.எல். இரத்தத்திலேயே தேங்குகிறது. நிறைவுறாக் கொழுப்பு, அதிலும் சோயாவிலும் சூரியகாந்தியிலும் மிகுதியாக உள்ள லினோலெயிக் அமிலம், இதற்கு எதிர்த்திசையில் வேலை செய்கிறது. வெண்ணெயில் உள்ள நிறைவுற்ற கொழுப்பா, பாமாயிலில் உள்ளதா என்று கல்லீரல் வேறுபாடு பார்ப்பதில்லை. பாமாயிலில் மிகுந்துள்ள பால்மிட்டிக் அமிலம்தான் வெண்ணெயிலும் முதலிடத்தில் இருக்கிறது. உணவிலுள்ள கொலஸ்டராலுக்கும் ஒரு பங்கு உண்டு என்றாலும் அது சிறியது. உண்பதில் ஏறக்குறைய பாதிதான் குடலில் உறிஞ்சப்படுகிறது. அது கூடும்போது பெரும்பாலோர் உடல் தன் சொந்தத் தயாரிப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறது. பரம்பரையாகவே கொலஸ்டரால் மிக உயர்ந்திருக்கும் குடும்பத்தினரும் நீரிழிவு உள்ளவர்களும் இந்தச் சமாதானத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் தங்கள் மருத்துவரின் சொல்லைக் கேட்க வேண்டும். மற்றவர்களுக்கு எண்ணெயின் கேள்வி நிறைவுற்ற கொழுப்பு எவ்வளவு என்பதுதான்.

நூறு கிராம் எண்ணெயில் அது எவ்வளவு என்று பார்த்தால் வேறுபாடு கண்ணில் அறையும். சூரியகாந்தியில் சுமார் 11 கிராம், சோயாவில் சுமார் 15, பாமாயிலில் ஏறத்தாழ 50, தேங்காய் எண்ணெயில் 80-க்கும் மேல். கொலஸ்டரால் நான்கிலும் பூச்சியம்.

இனி 1987-க்கு வருவோம். அந்நாளில் மொரீசியஸில் பெரும்பாலான வீடுகளில் புழங்கியது ரேஷன் எண்ணெய் என்று நாம் சொன்ன மலிவு எண்ணெய். அதில் பெரும்பகுதி பாமாயில். அதே ஆண்டில் எடுக்கப்பட்ட நாடளாவிய உடல்நலக் கணக்கெடுப்பில் நீரிழிவு, இரத்த அழுத்தம், உயர்ந்த கொலஸ்டரால் ஆகியவை நாட்டு மக்களிடையே எவ்வளவு பரவியிருந்தன என்பது வெளிப்பட்டது. தொற்றாநோய்களுக்கு எதிரான ஒரு தேசியத் திட்டமும் தொடங்கியது. ரேஷன் எண்ணெயின் கலவையை அரசு மாற்றியதும் 1987-இல்தான்: பெரும்பாலும் பாமாயிலாக இருந்தது, முழுக்கச் சோயா எண்ணெயாக ஆனது. மக்கள் யாரும் புதிதாக ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. அதே கடை, அதே வாணலி, அதே காத்தோ பிமா வடை. உள்ளே ஊற்றிய எண்ணெய் மட்டும் வேறு.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1992-இல், மீண்டும் கணக்கெடுத்தார்கள். வயது வந்தோரின் சராசரி இரத்தக் கொலஸ்டரால் லிட்டருக்கு 5.5 மில்லிமோலிலிருந்து 4.7-ஆக இறங்கியிருந்தது. நூறு மில்லிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில் பார்த்துப் பழகியவர்களுக்கு, ஏறக்குறைய 213-இலிருந்து 182 என்று சொல்லலாம். ஒரு தனி மனிதருக்கு இந்த அளவு இறக்கம் மாத்திரையால் வருவது அன்றாடம் நடப்பது. ஒரு நாட்டின் சராசரியே ஐந்து ஆண்டில் இவ்வளவு இறங்குவது அரிது. 1996-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்த ஆய்வு எண்ணெயின் பங்கைத் தனியே பிரித்துப் பார்த்தது. அதன்படி, மக்கள் உண்ட மொத்த ஆற்றலில் நிறைவுற்ற கொழுப்பின் பங்கு ஆண்களிடம் 3.5 விழுக்காடும் பெண்களிடம் 3.6 விழுக்காடும் குறைந்திருந்தது. லினோலெயிக் அமிலம் சேர்ந்த பல்நிறைவுறாக் கொழுப்பு வகையின் பங்கு ஏறக்குறைய ஐந்தரை விழுக்காடு கூடியிருந்தது. வாய்மொழியாகக் கேட்டறிந்த உணவுக் கணக்கை மட்டும் அவர்கள் நம்பவில்லை. இரத்த மாதிரிகளிலுள்ள கொழுப்பு அமிலங்களையும் அளந்தார்கள். அவையும் அதே திசையில் மாறியிருந்தன.

இந்த எண்கள் நம் அடுக்களைக் கணக்கோடு ஒத்துப்போகின்றனவா என்று நானே ஒருமுறை போட்டுப் பார்த்தேன். நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் மூன்று லிட்டர் எண்ணெய் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு நாளொன்றுக்கு 25 மில்லிலிட்டர், அதாவது ஏறத்தாழ 23 கிராம். அது பாமாயிலாக இருந்தால் அதில் நிறைவுற்ற கொழுப்பு சுமார் பதினொன்றரை கிராம். சோயாவாக இருந்தால் மூன்றரை கிராம். வேறுபாடு ஏறக்குறைய எட்டுக் கிராம். கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி தருவதால் அது ஏறக்குறைய 70 கலோரி. நாளுக்கு 2000 கலோரி உண்பவருக்கு மூன்றரை விழுக்காடு. ஆய்வு சொன்ன எண்ணும் அதுவே. அன்றாடச் சமையலில் ஊற்றும் எண்ணெயை மட்டும் மாற்றினாலே, வேறு எதையும் தொடாமல், அந்த மாற்றம் வந்துவிடுகிறது.

அது இரத்தத்தில் எவ்வளவு இறக்கத்தைத் தர வேண்டும் என்பதற்கும் ஒரு பழைய சூத்திரம் இருக்கிறது. அமெரிக்க உடலியல் அறிஞர் ஆன்சல் கீஸும் அவருடைய துணையாளர்களும், உணவைக் கட்டுப்படுத்தி நடத்திய சோதனைகளிலிருந்து 1950-களிலும் 60-களிலும் வகுத்தது அது. நிறைவுற்ற கொழுப்பின் பங்கில் வந்த மாற்றத்தை இரண்டால் பெருக்கி, பல்நிறைவுறாக் கொழுப்பின் மாற்றத்தை அதிலிருந்து கழித்து, வருவதை 1.35-ஆல் பெருக்கினால், இரத்தக் கொலஸ்டராலில் எதிர்பார்க்க வேண்டிய மாற்றம் மில்லிகிராம் கணக்கில் கிடைக்கும். நம் எண்களைப் போட்டால், மூன்றரையின் இருமடங்கு ஏழு, நிறைவுற்றது இறங்கிப் பல்நிறைவுறாதது ஏறியதால் அதோடு ஐந்தரை சேர்ந்து பன்னிரண்டரை, அதை 1.35-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 17 மில்லிகிராம் இறக்கம். நாடு கண்ட இறக்கம் 31. ஆக, பாதிக்குச் சற்று மேற்பட்ட பங்கை எண்ணெய் மாற்றம் ஒன்றே விளக்கிவிடுகிறது. மீதியைப் பிற உணவு மாற்றங்களும் பிற காரணங்களும் பங்கிட்டுக்கொண்டிருக்க வேண்டும். அந்தப் பங்கீட்டை இந்தக் கணக்கெடுப்பிலிருந்து உறுதியாகச் சொல்ல இயலாது, ஏனெனில் எண்ணெய் மாறாத இன்னொரு மொரீசியஸ் ஒப்பிடுவதற்கு இல்லை. அளந்தது கொலஸ்டராலை என்பதையும், மாரடைப்புகளை எண்ணவில்லை என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

இந்த நிகழ்வை நான் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் அதன் இரண்டு முனைகளிலும் நிற்கும் பூச்சியம். பழைய ரேஷன் எண்ணெய் பாட்டிலில் ‘கொலஸ்டரால் இல்லை’ என்று அச்சிட்டிருந்தால் அது சரி. புதிய எண்ணெயில் அச்சிட்டிருந்தாலும் சரி. நாட்டின் இரத்தத்தை மாற்றிய அந்த மாற்றம் வாசகத்தின் கண்ணில் படவே படாது.

எண்ணெயில் உள்ள இந்த வேறுபாட்டை ஓரளவு கண்ணாலேயே பார்க்கலாம். நிறைவுற்ற கொழுப்பின் மூலக்கூறுகள் நேரான குச்சிகளைப் போன்றவை. நெருக்கமாக அடுக்கிக்கொண்டு எளிதில் உறைந்துவிடும். நிறைவுறாதவை வளைந்த குச்சிகள். அடுக்கினால் இடைவெளி விழும், ஆகவே குளிரிலும் ஓடும். குளிர்ந்த மேட்டு நகரமான க்யூர்பீப்பில் இருக்கும் என் அத்தை வீட்டில், நம் குளிர்காலமான ஜூலை மாதத்துக் காலையில் விளக்குக்கு வைத்திருக்கும் தேங்காய் எண்ணெய் வெண்ணெயைப் போல உறைந்திருக்கும். அதைக் கரண்டியால் சுரண்டித்தான் எடுப்பார். தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே போனால் கட்டியாகிவிடும். பாமாயிலின் இளகிய பகுதியைப் பிரித்தெடுத்து விற்கும் பாமோலின் அறை வெப்பத்தில் தெளிவாக இருந்தாலும், குளிர்பெட்டியில் ஓரிரவு வைத்தால் கலங்கி அடியில் படியும். சுத்திகரித்த சோயாவும் சூரியகாந்தியும் அப்போதும் தெளிவாகவே நிற்கும். இந்தச் சோதனை முழுக்க நம்பத்தக்கதல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும்: ஒலிவ எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு சுமார் 14 விழுக்காடுதான், ஆனால் அது குளிர்பெட்டியில் கட்டியாகும், சுத்திகரிக்காத சில எண்ணெய்கள் அவற்றிலுள்ள மெழுகால் கலங்கும். பாட்டிலின் பின்பக்கத்து அட்டவணைதான் உறுதியான சான்று.

அத்தையைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு எழுபது வயது. இதயக்குழாயில் அடைப்பு இருந்து ஸ்டென்ட் வைத்திருக்கிறார். தைப்பூசக் காவடிக்கு விரதம் இருந்து, ஏழு கறியோடு வாழையிலையில் பரிமாறும் வரை எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்பவர். முட்டையைத் தொடுவதையே விட்டுவிட்டார். போன மாதம் நான் போனபோது ஒரு பெரிய வறுவல் பாக்கெட்டைப் பிரித்துத் தட்டில் கொட்டி வைத்தார். “இதைச் சாப்பிடு தம்பி, பயமில்லை. இதிலே கொலஸ்டரால் இல்லை என்று போட்டிருக்கிறான்” என்றார். நான் பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படித்தேன்.

நூறு கிராமுக்கு மொத்தக் கொழுப்பு 34 கிராம், அதில் நிறைவுற்றது 15 கிராம், உப்பு 1.8 கிராம், கொலஸ்டரால் 0. பொருட்பட்டியலில் இரண்டாவதாக இருந்தது ‘தாவர எண்ணெய்’, அதை அடுத்து அடைப்புக்குறிக்குள் பாமோலின். பாக்கெட் 150 கிராம். ஒருவர் நாள் முழுவதும் உண்ணும் நிறைவுற்ற கொழுப்பு மொத்த ஆற்றலில் பத்து விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. 2000 கலோரிக்கு அது ஏறக்குறைய 22 கிராம். அந்தப் பாக்கெட்டில் இருப்பது இருபத்திரண்டரை. அதாவது பாக்கெட் முழுவதையும் ஒருவர் தின்றால், வீட்டுச் சாப்பாட்டில் ஒரு துளியும் சேராமலே அன்றைய அளவு முடிந்துவிடும். கூடவே ஐந்து கிராம் என்ற நாளைய உப்பு எல்லையில் பாதிக்கும் மேல் போய்விடும். அத்தை விட்டுவிட்ட முட்டையோ, ஒன்றில் கொலஸ்டரால் 190 மில்லிகிராம் அளவுக்கு இருந்தாலும், நிறைவுற்ற கொழுப்பு ஒன்றரை கிராமை ஒட்டித்தான் இருக்கிறது. பாதி பாக்கெட் வறுவல் ஏழு முட்டைக்குரிய நிறைவுற்ற கொழுப்பைக் கொடுத்துவிடுகிறது. கட்டுப்பாடாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் அவரிடம் முழுமையாக இருக்கிறது. அந்த எண்ணத்தைத் தவறான இடத்தில் செலவழிக்க வைத்தது பாக்கெட்டின் முகப்பு. எனக்கு ஆறாத வருத்தம் அதுதான்.

வறுவல் செய்கிறவர்கள் பாமோலினை விரும்புவதற்குத் தொழில்முறைக் காரணம் இருக்கிறது. நிறைவுற்ற கொழுப்பு காற்றோடு சேர்ந்து சீக்கிரம் கெடாது. கொப்பரையில் பல மணி நேரம் கொதித்தாலும் தாங்கும். பாக்கெட்டுக்குள் மாதக்கணக்கில் சிக்கு வாடை வராது. விலையும் குறைவு. சோயாவைப் போன்ற எண்ணெயை அந்த வேலைக்கு ஏற்றதாக்க முன்பெல்லாம் அதில் ஓரளவு ஹைட்ரஜன் ஏற்றினார்கள். அப்போது உண்டாவதுதான் டிரான்ஸ் கொழுப்பு. அது எல்.டி.எல்லை ஏற்றுவதோடு, நன்மை செய்யும் எச்.டி.எல்லையும் இறக்குகிறது என்று நெதர்லாந்தின் மென்சிங்கும் கட்டானும் 1990-இல் காட்டினார்கள். அந்தக் கொழுப்பும் தாவர எண்ணெயிலிருந்து வந்ததே. அதிலும் கொலஸ்டரால் பூச்சியம். வனஸ்பதிக்கும் பழைய காலத்து மார்கரினுக்கும் ‘கொலஸ்டரால் இல்லை’ என்ற வாசகம் கச்சிதமாகப் பொருந்தியது. பல நாடுகள் டிரான்ஸ் கொழுப்புக்குத் தடை போட்ட பிறகு, ஹைட்ரஜன் ஏற்றாமலே இறுக்கம் தரும் பாமாயிலைப் பலர் எடுத்துக்கொண்டார்கள். இது முன்னேற்றம்தான், சந்தேகமில்லை. ஆனால் இப்போது முகப்பில் இரண்டு உண்மைகள் அச்சாகின்றன, கொலஸ்டரால் இல்லை, டிரான்ஸ் இல்லை என்று. நிறைவுற்ற கொழுப்பின் 15 கிராம் பின்பக்கத்துச் சிறிய எழுத்திலேயே தங்கிவிடுகிறது.

ஆகவே படிக்க வேண்டியது அந்தச் சிறிய எழுத்தைத்தான். நம் கடைகளில் பிரான்ஸ், தென்னாப்பிரிக்கா, இந்தியா, மலேசியா என்று பல இடத்துச் சரக்கு கலந்து கிடப்பதால் மொழி மாறும், ஆனால் அட்டவணையின் அமைப்பு அநேகமாக ஒன்றுதான். மொத்தக் கொழுப்பு என்ற வரிக்கு நேர் கீழே, ‘அதில் நிறைவுற்றது’ என்று ஒரு வரி இருக்கும். நூறு கிராம் தின்பண்டத்தில் அது ஐந்து கிராமுக்கு மேல் இருந்தால் பிரிட்டனின் வண்ணக் குறியீட்டு முறையில் சிவப்பு. ஒன்றரை கிராமோ அதற்குக் குறைவோ இருந்தால் பச்சை. எண்ணெய் பாட்டிலுக்கு இந்த ஐந்து கிராம் அளவுகோல் உதவாது, எந்த எண்ணெயும் அதைத் தாண்டிவிடும். அங்கே ஒரு பாட்டிலை இன்னொரு பாட்டிலோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே வழி. பொருட்பட்டியலில் ‘தாவர எண்ணெய்’ என்று மட்டும் எழுதி எதன் எண்ணெய் என்று சொல்லாமல் விட்டிருந்தால், பாமாயிலாக இருக்கக்கூடும் என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 டிசம்பரிலிருந்து எண்ணெயின் மூலத்தைப் பெயர் சொல்லி எழுத வேண்டும் என்பது சட்டம். அதனால் பிரெஞ்சுச் சரக்கில் அது தெளிவாகவே கிடைக்கும்.

இந்த அட்டவணையும் சொல்லாத சில உண்டு. சோயா எண்ணெய் நல்லதென்று அதையே நாள் முழுவதும் கொதிக்கவிட்டு, மறுநாளும் அதிலேயே காத்தோ பிமா பொரித்தால், நிறைவுறாக் கொழுப்பு உடைந்து கசப்பும் நுரையும் கரும்பழுப்பு நிறமும் ஏறும். எளிதில் கெடும் இயல்பே அதன் குறை. எந்த எண்ணெயானாலும் கிராமுக்கு 9 கலோரி என்பதிலும் மாற்றமில்லை. 1992-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பே இதற்குச் சாட்சி: கொலஸ்டரால் இறங்கியிருந்தது, புகைபிடித்தலும் இரத்த அழுத்தமும் குறைந்திருந்தன, ஆனால் உடல் பருமன் கூடியிருந்தது, நீரிழிவு குறையவில்லை. நீரிழிவும் இதயக்குழாயை அடைக்கும் நோய்தான். எண்ணெயின் வகையை மாற்றியது எல்.டி.எல். என்ற ஒரு பாதையைச் சரிசெய்தது. எண்ணெயின் அளவு, மாவுப் பண்டம், இனிப்பு ஆகியவற்றின் பாதை அப்படியே இருந்தது.

வாசகத்தைக் கட்டுப்படுத்த வழி இல்லாமலில்லை. நமக்குப் பக்கத்திலுள்ள ரெயூனியன் பிரான்சின் பகுதியாதலால் அங்கே ஐரோப்பியச் சட்டம் செல்லும். உணவுப் பொட்டலத்தில் எழுத அனுமதியுள்ள சத்துக் கூற்றுகளின் பட்டியலை அந்தச் சட்டம் 2006-இல் வகுத்தது. ‘கொலஸ்டரால் இல்லை’ அந்தப் பட்டியலில் இடம்பெறவே இல்லை. அமெரிக்காவில் அதை எழுதலாம், ஆனால் ஒரு பரிமாறலுக்கு நிறைவுற்ற கொழுப்பு 2 கிராமைத் தாண்டக்கூடாது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 14 கிராம் என்றால், சூரியகாந்தி அந்த எல்லைக்குள் நிற்கும். பாமாயில் ஏழு கிராமோடும் தேங்காய் எண்ணெய் பன்னிரண்டு கிராமை ஒட்டியும் வெளியே போய்விடும். இயல்பிலேயே கொலஸ்டரால் இல்லாத உணவானால், அந்த வகை உணவு எல்லாமே அப்படித்தான் என்பது விளங்கும்படி எழுத வேண்டும் என்ற நிபந்தனையும் அங்கே உண்டு. எனக்கு இந்த இரண்டாவது நிபந்தனை மிகவும் நியாயமாகப் படுகிறது. வாங்குகிறவரை முட்டாளாக எண்ணாத விதி அது.

அமெரிக்க விதியைவிடக் கண்டிப்பானது, உலகச் சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து நடத்தும் கோடெக்ஸ் அமைப்பின் 1997-ஆம் ஆண்டு வழிகாட்டி. திரவ உணவில் ‘கொலஸ்டரால் இல்லை’ என்று எழுத வேண்டுமானால், நூறு மில்லிலிட்டரில் நிறைவுற்ற கொழுப்பு முக்கால் கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது அது. அந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு ரோஸ் ஹில் கடையின் அடுக்குக்கு முன்னால் மீண்டும் போய் நின்றால், பாமாயில் எல்லையைப்போல அறுபது மடங்கு மிஞ்சுகிறது, சூரியகாந்தி பதின்மூன்று மடங்கு. 1987-இல் நம் நாட்டின் கொலஸ்டராலை இறக்க உதவிய அதே சோயா எண்ணெயும், ஏறக்குறைய பதினெட்டு மடங்கு மிஞ்சுவதால், அந்த வாசகத்தைத் தன் முகப்பில் எழுதிக்கொள்ள முடியாது.